தோள் முனையில் ஒரு மேடு: ஸ்லிங் போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா?

மழையில் நனைந்த சாலையில் பைக் சறுக்கினால், ஓட்டுபவர் எப்போதும் கையை ஊன்றித்தான் விழுவார் என்று சொல்ல முடியாது. பல நேரங்களில் கை உடம்போடு ஒட்டியிருக்க, தோளின் வெளிமுனை நேராகத் தரையில் மோதுகிறது. எழுந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தால் தோளின் மேல் ஒரு மேடு தெரியும். எலும்பு மேலே ஏறிவிட்டது, உடனே அறுவை செய்து அதைக் கீழே இறக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள். உண்மையில் அந்த எலும்பு பெரும்பாலும் அதன் இடத்தில்தான் இருக்கிறது. கீழே இறங்கியது கையும் தோளும்தான்.

கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காரை எலும்பின் வெளிமுனையும், தோள்பட்டை எலும்பின் உச்சியான அக்ரோமியனும் சந்திக்கும் சிறிய மூட்டுக்கு ஏசி மூட்டு என்று பெயர். நம் கையின் எடை முழுவதும் காரை எலும்பிலிருந்து தொங்குகிறது. தொங்கவிட்டுப் பிடித்திருப்பவை இரண்டு கூட்டுத் தசைநார்கள். ஒன்று மூட்டைச் சுற்றி இருக்கிறது. அது காரை எலும்பு முன்னும் பின்னும் நழுவாமல் காக்கிறது. மற்றொன்று காரை எலும்பிலிருந்து கீழே உள்ள கோரகாய்டு என்ற எலும்பு நீட்சிக்குச் செல்கிறது. கை கீழே சரிந்துவிடாமல் தாங்குவது இதுதான். எது அறுந்தது, எவ்வளவு அறுந்தது என்பதைப் பொறுத்தே காயத்தின் தரம் அமைகிறது.

ஆறு வகைகள்

அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்லஸ் ராக்வுட் 1984இல் வகுத்த ஆறு வகைகளைத்தான் இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். முதல் வகையில் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் இழுபட்டிருக்கும், எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. இரண்டாம் வகையில் அது அறுந்திருக்கும், ஆனால் கீழ்த் தசைநார் தாக்குப்பிடிப்பதால் மேடு சிறியதாகவே இருக்கும். மூன்றாம் வகையில் இரண்டுமே அறுந்து மேடு பளிச்சென்று தெரியும். நான்காம் வகையில் காரை எலும்பின் முனை பின்பக்கம் போய், கழுத்திலிருந்து தோளுக்கு வரும் தசைக்குள் குத்தி நிற்கும். ஐந்தாம் வகையில் எலும்போடு ஒட்டியிருக்கும் தசை உறையும் கிழிந்து, தோள் வெகுவாகத் தொங்கிவிடும். ஆறாம் வகையில் முனை கீழ்நோக்கிப் போய்விடும். இது மிக அரிது.

முதல் இரண்டுக்கும் ஸ்லிங் போதும் என்பதிலும், கடைசி மூன்றுக்கும் பொதுவாக அறுவை தேவை என்பதிலும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் நடுவில் நிற்கும் மூன்றாம் வகையில்தான். நோயாளிகள் அதிகம் குழம்புவதும் இங்கேதான்.

பரிசோதனை மேசைக்கு முன்

ஒரு தச்சரை எடுத்துக்கொள்வோம். வயது 34, வலது கைக்காரர், பைக்கிலிருந்து விழுந்து வலது தோளில் மேட்டோடு வருகிறார். மருத்துவர் முதலில் அவரை உட்கார வைக்க வேண்டும் அல்லது நிற்க வைக்க வேண்டும். படுத்திருக்கும்போது கையின் எடை தோளை இழுப்பதில்லை, அதனால் மேடு மறைந்துபோகும். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றாலும் அப்படித்தான். இரு தோள்களையும் திறந்து, கைகளைத் தொங்கவிட்டு, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மேலிருந்தும் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நான்காம் வகையில் எலும்பு உயர்ந்திராது, பின்னால் தள்ளிப்போயிருக்கும். முன்னால் நின்று மட்டும் பார்ப்பவர் அதைத் தவறவிடுவார்.

அடுத்து விரலால் தொட்டுப் பார்ப்பது. தச்சருக்கு வலி சரியாக ஏசி மூட்டின் மேல்தான் இருக்கிறது. காரை எலும்பின் முனையை மெல்ல அழுத்தினால் ஆர்மோனியக் கட்டைபோல உள்ளே போய், விரலை எடுத்ததும் மேலே வருகிறது. தாங்கிப் பிடிக்கும் தசைநார் அறுந்துவிட்டது என்பதற்கு இது அடையாளம். முனையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால், அந்தத் திசையில் பிடிமானம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது தெரியும்.

பிறகு இரு தோள்களையும் காதை நோக்கித் தூக்கச் சொல்கிறார் மருத்துவர். வலியோடு தச்சர் தூக்கும்போது மேடு குறைகிறது. இது நல்ல செய்தி. தசை உறை கிழியாமல் இருப்பதால்தான் தசைகள் தோளைத் தூக்கி மூட்டைப் பொருத்த முடிகிறது. ஐந்தாம் வகையில் எவ்வளவு தூக்கினாலும் மேடு அப்படியே நிற்கும். நான்காம் வகையிலும் எலும்பு தசைக்குள் சிக்கியிருப்பதால் இடத்துக்கு வராது.

கடைசியாக விரல்களின் அசைவு, உணர்ச்சி, மணிக்கட்டு நாடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கை மரத்துப்போயிருந்தாலோ, நாடி குறைந்திருந்தாலோ, மேட்டின் மேல் தோல் வெளிறி இறுகியிருந்தாலோ அது அவசரம். அப்போது ஸ்லிங்கோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

எக்ஸ்ரேயில் ஒரு கணக்கு

ஏசி மூட்டுக்கென்று கேட்டு எடுக்கும் எக்ஸ்ரே வேறு. கதிர்க்குழாயை 10 முதல் 15 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து, வழக்கமான தோள் படத்துக்குத் தரும் கதிரளவைப் பாதியாகக் குறைத்து எடுக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்தச் சிறிய மூட்டு படத்தில் கறுத்துப்போய்விடும். இரு தோள்களும் ஒரே படத்தில் வருவது நல்லது. அளக்க வேண்டியது கோரகாய்டுக்கும் காரை எலும்புக்கும் இடையே உள்ள தூரம். சாதாரணமாக அது 11 முதல் 13 மில்லிமீட்டர்.

தச்சரின் இடது தோளில் 12 மில்லிமீட்டர், வலது தோளில் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8 மில்லிமீட்டர் கூடுதல், அதாவது மூன்றில் இரண்டு பங்கு அதிகம். 25 சதவீதத்துக்கு மேல் 100 சதவீதம் வரை கூடியிருந்தால் மூன்றாம் வகை. அதுவே 26 மில்லிமீட்டராக இருந்தால் இரண்டு மடங்கைத் தாண்டி ஐந்தாம் வகைக்குப் போயிருக்கும். ஆனால் முன்பக்கப் படத்தில் பின்னால் தள்ளிய எலும்பு தெரியாது. அதற்காக அக்குள் வழியாக இன்னொரு படம் எடுத்து நான்காம் வகை இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார்கள். தச்சருக்கு இருப்பது மூன்றாம் வகைதான்.

இப்போது என்ன செய்வது?

எலும்பைப் பழைய இடத்தில் பொருத்தினால்தான் தோள் பழையபடி வேலை செய்யும் என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முழுமையாக விலகிய ஏசி மூட்டோடு வந்த 83 பேரைக் கனடாவில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொக்கித் தகடு வைத்து அறுவை செய்தார்கள், மறு குழுவுக்கு ஸ்லிங்கும் பயிற்சியும் தந்தார்கள். முடிவுகள் 2015இல் வெளியாயின. படத்தில் அழகாக இருந்தவை அறுவை செய்த தோள்கள். ஆனால் முதல் மூன்று மாதங்களில் கையை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் அறுவை செய்யாதவர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிக்கல்கள் அறுவைக் குழுவில்தான் அதிகம்.

ஆகவே தச்சருக்கு முதலில் ஸ்லிங். அதன் வேலை எலும்பை இறக்குவதல்ல, கையின் எடையைத் தாங்கி வலியைக் குறைப்பதுதான். இரண்டு, மூன்று வாரங்கள் போதும். முதல் நாளிலிருந்தே விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் அசைக்க வேண்டும். வலி தணியத் தணியத் தோளையும் அசைத்து, பிறகு தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகளுக்கு வலுவேற்ற வேண்டும். பாரம் தூக்குவதற்கும் தோள் மோதும் விளையாட்டுகளுக்கும் சுமார் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். மேட்டை அழுத்தி இறுக்கிக் கட்டுவது மட்டும் வேண்டாம். கட்டை அவிழ்த்ததும் எலும்பு பழைய நிலைக்கே வந்துவிடும், அதற்குள் மேலிருக்கும் தோல் புண்ணாகிவிடலாம். அந்த மேடு ஆயுளுக்கும் இருக்கும் என்பதையும் மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், நன்றாக வேலை செய்யும் தோளோடும் நோயாளி ஏமாற்றமாக உணர்வார்.

தீர்மானிக்கும் நாள் மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் வருகிறது. மூன்றாம் வகையை நிலையானது, நிலையற்றது என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என 2014இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. பயிற்சிக்குப் பிறகும் வலி குறையவில்லையா? கையை உயர்த்தும்போது தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து துருத்திக்கொண்டு தாறுமாறாக அசைகிறதா? கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எடுத்த எக்ஸ்ரேயில் காரை எலும்பு அக்ரோமியனின் மேல் ஏறிக்கொள்கிறதா? இவை இருந்தால் அது நிலையற்ற தோள், அறுவை பற்றிப் பேசலாம். தச்சர் ஆறாம் வாரத்தில் கையை முழுதாக உயர்த்துகிறார், இழைப்புளி பிடிக்கும்போது லேசான வலி மட்டும் இருக்கிறது என்றால், மேடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கத்தி தேவையில்லை.

அறுவையின் விலை

காயமான மூன்று வாரத்துக்குள் அறுவை செய்தால், அறுந்த தசைநார் தானாக ஆறும் வரை எலும்பைப் பிடித்து வைத்தால் போதும். ஒரு வழி கொக்கித் தகடு. அதன் கொக்கி அக்ரோமியனுக்கு அடியில் உரசி எலும்பை அரிக்கும் என்பதால் மூன்று, நான்கு மாதத்தில் இன்னொரு அறுவை செய்து அகற்ற வேண்டும். இன்னொரு வழி, காரை எலும்பிலும் கோரகாய்டிலும் துளையிட்டு, இரு முனையிலும் உலோகப் பொத்தான் உள்ள உறுதியான நாடாவால் இழுத்துக் கட்டுவது. இதை வழக்கமாக அகற்ற வேண்டியதில்லை. ஆனால் துளையிட்ட எலும்பு உடையலாம், நாடா தளர்ந்து மேடு திரும்பலாம். மாதங்கள் கடந்துவிட்டால் பழைய தசைநார் ஆறுவதை நம்ப முடியாது. அப்போது வேறிடத்துத் தசைநாண் ஒன்றை எடுத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும். அது இன்னும் பெரிய அறுவை.

தாமதித்தால் வாய்ப்பே போய்விடுமோ என்ற அச்சம் பலரை அவசரமாக அறுவைக்குத் தள்ளுகிறது. அமெரிக்கக் கால்பந்து வீரர் சாம் பிராட்ஃபோர்டின் கதையை இங்கே சொல்லலாம். பந்தெறியும் வலது தோளில் 2009 செப்டம்பரில் அவருக்கு மூன்றாம் தரக் காயம் ஏற்பட்டது. அறுவை இல்லாமல் அக்டோபரில் களம் திரும்பினார். இரண்டாவது ஆட்டத்திலேயே அதே தோளில் மீண்டும் அடிபட்டது. பிறகுதான் அறுவை செய்துகொண்டார். 2010இல் தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக அவரைத்தான் எடுத்தார்கள். அவசரமாகத் திரும்புவதில் உள்ள ஆபத்தையும், முதலில் அறுவையைத் தவிர்த்தவருக்குக் கதவு அடைபடுவதில்லை என்பதையும் அவரது தோள் ஒருசேரக் காட்டியது.

தோளில் மேட்டோடு மருத்துவரிடம் போகிறவர் மூன்று கேள்விகள் கேட்கலாம். இது எந்த வகை? எலும்பு பின்னால் போகவில்லை என்று படத்தில் உறுதி செய்துவிட்டீர்களா? மூன்றாம் வகை என்றால், ஆறு வாரம் பயிற்சி செய்துவிட்டு மறுபடி பார்த்து முடிவெடுக்கலாமா? முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகு, மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் ‘எடுக்கலாம்’ என்பதே பதிலாக இருக்கும்.