மண்புழு உரமா, மக்கிய உரமா: தொட்டியில் வெளிறிய கீரை சொல்வது என்ன?

பள்ளிக் கண்காட்சியில் வேளாண் பகுதிப் பக்கம் போனால் இரண்டு தொட்டிகளை அநேகமாகப் பார்க்கலாம். ஒன்றில் முளைக்கீரை கரும்பச்சையாய்த் தளதளவென்று நிற்கும். மற்றதில் அதே கீரை வெளிறி, விரல் நீளத்தில் நின்றுபோயிருக்கும். முதல் தொட்டியில் மண்புழு உரம், இரண்டாவதில் சாதாரண மக்கிய உரம் என்று அட்டையில் எழுதி, "மண்புழு உரமே சிறந்தது" என்று முடித்திருப்பார்கள். பிள்ளைகளின் உழைப்பு உண்மையானது, அளந்த அளவும் சரியாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது தொட்டியில் போட்ட உரம் உண்மையில் மக்கியிருந்ததா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மக்காத குப்பையை மக்கிய உரம் என்று போட்டுவிட்டால், அந்தச் சோதனை இரண்டு உரங்களை ஒப்பிடவே இல்லை.

இரண்டும் உருவாகும் விதம் வேறு. குப்பை, இலை தழை, சாணம் ஆகியவற்றைக் குவித்து ஈரம் காத்து வைத்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது குவியல் சூடாகும். நன்றாகப் போட்ட குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் மடியும். புரட்டிப் புரட்டிப் போட்டு, சூடு தணிந்து, பிறகு சில வாரங்கள் ஆறிய பின்தான் அது உரம். மூன்று, நான்கு மாதம் ஆவது சாதாரணம். மண்புழுப் படுக்கையில் இந்தச் சூடு கூடாது, புழு செத்துவிடும். அதனால் சாணத்தையும் கழிவையும் 15 முதல் 20 நாள் தனியே வைத்து, சூடு தணிந்த பிறகுதான் புழுவை விடுவார்கள். புழுவின் குடல் அந்தப் பாதி மக்கிய பொருளை அரைத்து, நுண்ணுயிர்களோடு கலந்து, சிறு உருண்டைகளாக வெளியேற்றுகிறது. இரண்டு மாதத்துக்குள் அறுவடை செய்யலாம். சத்துகளில் ஒரு பகுதி வேர் உடனே எடுக்கும் வடிவத்தில் இருப்பதால் கீரை போன்ற குறுகிய காலப் பயிரில் அதன் பலன் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும். மறுபக்கம், சூடு ஏறாததால் சாணத்தோடு வந்த களை விதை பிழைத்து, உரம் போட்ட பாத்தியிலேயே முளைக்கலாம். கண்காட்சி அட்டைகளில் இந்தக் குறையை நான் பார்த்ததில்லை. எழுத வேண்டும்.

மக்காத உரம் செடியை எப்படிக் கெடுக்கிறது? அதில் கரிமம் மிகுந்தும் தழைச்சத்து குறைந்தும் இருக்கும். நுண்ணுயிர்கள் அந்தக் கரிமத்தைத் தின்னும்போது தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்கின்றன, செடிக்குப் பற்றாக்குறை வருகிறது. முதலில் அடி இலைகள் மஞ்சளாகும். அதோடு அரைகுறையாக மக்கிய குவியலில் உருவாகும் அமிலங்களும் அம்மோனியாவும் இளம் வேரைக் கருக்கும். கண்ணால் பார்த்தால் கறுப்பாகத்தான் இருக்கும். நிறத்தை நம்பக் கூடாது.

கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், முள்ளங்கி விதை போதும். 100 கிராம் உரத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கிச் சில மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு தட்டில் காகிதத் துண்டு விரித்து அந்தச் சாற்றால் நனைத்து 20 விதை வையுங்கள். இன்னொரு தட்டில் வெறும் தண்ணீரால் நனைத்து 20 விதை. இரண்டையும் மூடி நிழலில் வைத்து நான்காம் நாள் முளைத்தவற்றை எண்ணி, ஒவ்வொரு வேரையும் அளவுகோலால் அளந்து சராசரி எடுங்கள். தண்ணீர்த் தட்டில் 18 விதை முளைத்து வேர் சராசரி 30 மில்லிமீட்டர், சாற்றுத் தட்டில் 15 முளைத்து வேர் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 15-ஐ 18-ஆல் வகுத்து, அதை 20-ஐ 30-ஆல் வகுத்ததோடு பெருக்கி, நூறால் பெருக்கினால் சுமார் 56 வரும். 80-க்கு மேல் இருந்தால் அந்த உரத்தைத் தாராளமாகப் போடலாம். 50-க்குக் கீழே என்றால் வேருக்கு ஆகாது. இடையில் வந்தால் இன்னும் சில வாரம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். ஆறவைத்தும் எண் ஏறவில்லை என்றால் உரத்தில் உப்பு மிகுதியாக இருக்கலாம். கடையில் வாங்கிய மண்புழு உரத்துக்கும் இதே சோதனையைச் செய்தாக வேண்டும். புழுவின் பெயர் பையில் இருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது மக்கியதாகிவிடாது.

முதிர்ச்சி சரி என்றான பிறகு எவ்வளவு போடுவது என்ற கேள்வி வருகிறது. இரண்டிலும் அரை கிலோ போட்டால் நியாயம் என்று தோன்றும். அரை கிலோவுக்குள் தண்ணீர் எவ்வளவு, தழைச்சத்து எவ்வளவு என்பது வேறு வேறு. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பரிசோதனையில் மண்புழு உரத்தில் ஈரம் 25 விழுக்காடு, உலர்ந்த எடையில் தழைச்சத்து 1.5 விழுக்காடு என்று வந்ததாகக் கொள்ளுங்கள். 500 கிராமில் உலர்ந்தது 375 கிராம், அதில் தழைச்சத்து ஏறத்தாழ 5.6 கிராம். மக்கிய உரத்தில் ஈரம் 35, தழைச்சத்து 0.8 விழுக்காடு என்றால் 500 கிராமில் கிடைப்பது 2.6 கிராம்தான். அதே 5.6 கிராமைக் கொடுக்க 1,080 கிராம் மக்கிய உரம் வேண்டும். சம எடையில் மண்புழு உரம் வென்றால், புழுவால் வென்றதா, இரட்டிப்புத் தழைச்சத்தால் வென்றதா என்று சொல்லவே முடியாது.

ஆகவே நான்கு வகைப் பைகள் வைக்கச் சொல்வேன்: வெறும் மண், மண்புழு உரம் 500 கிராம், மக்கிய உரம் 500 கிராம், மக்கிய உரம் 1,080 கிராம். வகைக்கு ஐந்து பை, எல்லாவற்றிலும் ஒரே செம்மண், ஒரே பாக்கெட் விதை, முளைத்ததும் பைக்குப் பத்துச் செடி விட்டுக் கலைத்துவிடுங்கள். இருபது பைகளையும் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றி வையுங்கள். ஒரு வகை முழுவதும் சுவரோர நிழலில் அகப்பட்டுக்கொண்டால் நிழலின் பலனை உரத்தின் பலனாக எழுதிவிடுவோம். உயரத்தை மட்டும் அளப்பது போதாது. வெயில் குறைந்தாலும் கீரை நீண்டு வளரும். 25 அல்லது 30 நாளில் வேரோடு பிடுங்கி மண்ணைக் கழுவி, ஒவ்வொரு பையையும் தனியாக எடை போடுங்கள். ஒரே வகையின் ஐந்து பைகளுக்குள் 60 கிராமும் 110 கிராமும் வந்தால், இரு வகைகளின் சராசரிக்கு நடுவே உள்ள 15 கிராம் வித்தியாசத்தை வெற்றி என்று எழுதக் கூடாது. முடிந்தால் அதே பைகளில் புது உரம் போடாமல் இன்னொரு முறை விதையுங்கள். மக்கிய உரம் சத்தை மெதுவாக விடுகிறது. முதல் அறுவடையில் பின்தங்கியது இரண்டாவதில் சமமாக வருவதைப் பார்க்க வாய்ப்புண்டு.

பள்ளி உரத்தை விலைக்கு வாங்கினால் இன்னொரு ஆபத்து. ஈரமாக அடைத்து எடை ஏற்றுவதும் மண்ணையும் பச்சைச் சாணத்தூளையும் கலப்பதும் நடக்கிறது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் மண்புழு உரத்துக்குத் தரம் வகுத்திருக்கிறார்கள். ஈரப்பதம் 15 முதல் 25 விழுக்காடு, துர்நாற்றம் இருக்கக் கூடாது, ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. பை வாங்கியதும் 500 கிராமைச் செய்தித்தாளில் பரப்பி நிழலில் காயவிட்டு, எடை மேற்கொண்டு இறங்காமல் நிற்கும் வரை தினமும் நிறுத்துப் பாருங்கள். 300 கிராமில் நின்றால் ஈரம் 40 விழுக்காடு. நிழலில் காய்ந்த பிறகும் கொஞ்சம் ஈரம் தங்கும் என்பதால் உண்மை அளவு இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஐந்து கிலோ பையில் இரண்டு கிலோ தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறோம் என்று பொருள். ஒரு கைப்பிடியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தால் மணல் அடியில் தனியாகப் படியும். பையில் "யூரியாவுக்கு இணை" என்று இருந்தால் நம்பாதீர்கள். யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு, மண்புழு உரத்தில் பொதுவாக ஒன்று, இரண்டு விழுக்காடுதான்.

தரம் இல்லை என்று தெரிந்தால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே தொடங்க வேண்டும். ரசீது கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. பையில் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஒரு பையைப் பிரிக்காமல் ஒதுக்கி வையுங்கள், பிரித்த பையின் மாதிரியைவிட அதுதான் சான்றாக நிற்கும். முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் சொல்லுங்கள். மாற்றித் தர மறுத்தால் உங்கள் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். உர ஆய்வாளராக அறிவிக்கப்பட்ட வேளாண் அலுவலருக்குக் கடையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரம் உண்டு. நீங்கள் வீட்டில் செய்த சோதனை புகாருக்குக் காரணம் காட்ட உதவும். சட்டப்படி நிற்பது அவர் எடுக்கும் மாதிரியின் அறிக்கை. பணத்தைத் திரும்பப் பெற தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

பள்ளிக்கு எதிராகப் பிள்ளைகளுக்கும் ஓர் உரிமை உண்டு. சாணத்திலும் மண்ணிலும் ரணஜன்னிக் கிருமியின் விதைத்துகள்கள் இருக்கும், சிறு கீறல் போதும் உள்ளே போக. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி உண்டு. வேலை தொடங்கும் முன் யாருக்கு விடுபட்டிருக்கிறது என்று ஆசிரியர் கேட்டு, அந்தப் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கையுறை கொடுக்காமல் சாணத்தைப் பிசையச் சொன்னால் பிள்ளைகள் மறுக்கலாம், பெற்றோர் கேட்கலாம். காய்ந்த உரத்தைச் சலிப்பதற்கு முன் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். பச்சைச் சாணம் தொட்ட கீரையைப் பச்சையாகத் தின்ன விடாமல் கழுவி வேகவைத்தே கொடுங்கள்.