உங்கள் வீட்டுக் கொலுப்படிகளில் புல் முதல் தெய்வம் வரை ஒரு பயணம் இருக்கிறது, தெரியுமா?

நவராத்திரி மாலையில் வருகிறவர்கள் கொலுவைப் பார்த்து "ரொம்ப அழகா இருக்கு" என்பார்கள். ஒரு பாட்டுப் பாடுவார்கள். சுண்டலையும் தாம்பூலத்தையும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் கிளம்புமுன் வீட்டுக்காரர் எழுந்து இரண்டே நிமிடம் வரவேற்றுப் பேசினால் போதும். இத்தனை ஆண்டுகள் வெறும் பொம்மை வரிசையாகப் பார்த்ததை அவர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள்! அந்த இரண்டு நிமிடத்துக்கான சரக்கு எல்லாம் உங்கள் கூடத்திலேயே இருக்கிறது.

படிகளின் கணக்கு தொல்காப்பியத்தில் இருக்கிறது, தெரியுமா?

கொலுப்படிகளை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். கீழ்ப்படியில் செடிகொடி, மேலே போகப் போகச் சிற்றுயிர்கள், விலங்குகள், மனிதர்கள், மகான்கள், உச்சியில் தெய்வமும் கலசமும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்த வரிசையின் கீழ்ப்பாதியைத் தொல்காப்பியத்தின் மரபியலில் அப்படியே பார்க்கலாம்! நம்மிடம் உள்ள மிகப் பழைய தமிழ் இலக்கண நூல், உயிர்களை ஓரறிவு தொடங்கி ஆறறிவு வரை பிரித்து வைத்திருக்கிறது. தனக்கு முன்பே உணர்ந்தவர்கள் வகுத்த முறை இது என்றும் சொல்கிறது.

இதில் வியப்பு எங்கே தெரியுமா? ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரே ஒரு புலன் கூடுகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு மட்டும். நத்தைக்கும் சிப்பிக்கும் அதோடு சுவை. கறையானுக்கும் எறும்புக்கும் கூடவே மோப்பம். நண்டுக்கும் தும்பிக்கும் பார்வையும் சேர்கிறது. விலங்குக்கும் பறவைக்கும் கேள்வி. மனிதனுக்கு இவை ஐந்தோடு மனம்.

மூன்றாவதை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். எறும்புக்கு மூக்கை எப்படிக் கொடுத்தார்கள்? அடுப்படி மேடையில் எறும்பு சாரை போகும்போது நடுவில் ஓரிடத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். பின்னால் வரும் எறும்புகள் அந்த இடத்தில் திகைத்து நின்று இங்கும் அங்கும் அலையும். முன்னால் போன எறும்பு தரையில் விட்டுச்சென்ற வாசனைத் தடத்தைத்தான் அவை பிடித்துக்கொண்டு போகின்றன. கருவி எதுவும் இல்லாத காலத்தில், வெறுமனே உற்றுப் பார்த்தே ஒருவர் எறும்பை மோப்பத்தோடு சேர்த்திருக்கிறார்!

இன்றைய உயிரியல் இந்த வரிசையை முழுவதுமாக ஏற்காது. எறும்புக்குக் கண் உண்டு, நண்டு அதிர்வை உணரும். தொல்காப்பியத்தில் கொலுவைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இலக்கண நூலின் வரிசையைப் படிகளோடு பொருத்திப் பார்த்தது பிற்காலத்தார் வேலை. எல்லா வீட்டிலும் இப்படி வைப்பதும் இல்லை. தசாவதாரம், கல்யாணக் கோலம், கிராமம், கிரிக்கெட் ஆட்டம் என்று கலந்து வைப்பவர்களே அதிகம். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் விருந்தாளிக்கு ஒரே ஒரு விளக்கம்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இதைப் போலக் குழந்தையையும் பாட்டியையும் சேர்த்து உட்கார வைக்கும் விளக்கம் இன்னொன்று இல்லை.

எறும்புப் பொம்மைக்கு எங்கே போவது?

கடையில் தேட வேண்டாம். ஏழு படி வைக்கும் வீட்டில் இப்படி அமைக்கலாம். படிகளுக்கு முன்னால் தரையில் போடும் பூங்காதான் ஓரறிவு. அகலத் தட்டில் மண்ணைப் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகையும் வெந்தயத்தையும் நான்கைந்து நாள் முன்பே தூவி, தினமும் தண்ணீர் தெளித்தால் கொலு வைக்கும் நாளில் பச்சைப் பசேலென்று நிற்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி நாற்றம் வரும், தெளித்தால் மட்டும் போதும். முதல் படியில் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் சங்கும். இரண்டாம் படிக்குக் களிமண்ணில் குழந்தைகளே எறும்பு உருட்டட்டும். மூன்று உருண்டை, ஆறு கால், அவ்வளவுதான். மூன்றாம் படியில் நண்டும் தும்பியும், நான்காவதில் யானை, மாடு, கிளி. ஐந்தாவதில் செட்டியாரும் கல்யாண கோஷ்டியும், ஆறாவதில் வள்ளுவர், ஆண்டாள், புத்தர். ஏழாவதில் அம்பாளும் கலசமும் மரப்பாச்சி ஜோடியும்.

மூன்று படிதான் இடம் என்றால் புல்லிலிருந்து விலங்கு வரை ஒன்று, மனிதர் ஒன்று, தெய்வம் ஒன்று. கணக்கு கெடாது.

மண்ணில் ஏன் செய்கிறார்கள் தெரியுமா?

தேவி மாகாத்மியத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பகுதியில் முடியும் ஒரு கதை இருக்கிறது. நாட்டை இழந்த சுரதன் என்ற அரசனும், மனைவி மக்களால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட சமாதி என்ற வணிகனும் காட்டில் சந்திக்கிறார்கள். மேதஸ் முனிவர் அவர்களுக்கு அம்பிகையின் கதையைச் சொல்கிறார். கேட்டு முடித்ததும் இருவரும் நேராக ஆற்றங்கரைக்குப் போய் மண்ணாலேயே தேவிக்கு உருவம் செய்து 3 ஆண்டுகள் வழிபடுகிறார்கள். பொன்னும் இல்லை, கல்லும் இல்லை, எல்லாம் இழந்தவர்கள் கைக்குக் கிடைத்த ஆற்று மண்! தேவி தோன்றி வரம் கேட்கச் சொன்னபோது அரசன் நாட்டைத் திரும்பக் கேட்டான். வணிகன் ஞானம் கேட்டான். மண் பொம்மையைச் சுட்டிக்காட்டி இந்தக் கதையைச் சொன்னால் யாருமே மறக்க மாட்டார்கள்.

ஒரு பொம்மையை மெல்லத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். அடி திறந்திருக்கும், அல்லது ஒரு துளை இருக்கும். மதுரைப் பக்கத்து விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் செய்யும் மண் பொம்மைகள் உள்ளே கூடாகத்தான் இருக்கும். முன்பாதி ஓர் அச்சிலும் பின்பாதி ஓர் அச்சிலும் எடுத்து, ஈரம் இருக்கும்போதே ஒட்டி, நிழலில் உலர்த்தி, சுட்டு, வர்ணம் தீட்டுகிறார்கள். காற்றுக்கும் ஈரத்துக்கும் வழி இல்லாமல் மூடிவிட்டால் சூளையில் உள்ளே ஆவி அடைபட்டு பொம்மை வெடித்துவிடும். அந்தத் துளைதான் பொம்மையைக் காப்பாற்றியிருக்கிறது!

வாங்கும்போது நகத்தால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த பொம்மை. சொத்தென்று வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது, அல்லது வேகவில்லை. காகிதக் கூழ் பொம்மைக்கு இந்தச் சோதனை ஆகாது. அது எப்போதும் சொத்தென்றுதான் ஒலிக்கும்.

தண்ணீரில் மூழ்கும் மரம் தெரியுமா?

மரப்பாச்சியை விருந்தாளி கையில் கொடுத்துவிடுங்கள். அந்தக் கனம் பாதிப் பேச்சைப் பேசிவிடும். பழைய மரப்பாச்சிகள் பெரும்பாலும் செம்மரத்தில் செதுக்கியவை. அதன் வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் போட்டால் மிதக்காமல் மூழ்கும்! உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர் பக்கங்களில்தான் இந்த மரம் இயற்கையாக வளர்கிறது. கல்யாணத்தில் பெண் வீட்டார் ஒரு ஜோடி மரப்பாச்சி கொடுத்தனுப்பும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. புதுக்குடித்தனத்தின் முதல் கொலு அந்த ஜோடியில் தொடங்கும். செம்மரத்துக்கு இன்று கடும் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் கடையில் விற்கும் புதிய மரப்பாச்சிகள் பல வேறு மரத்தில் செய்து சாயம் ஏற்றியவை. பாட்டியின் பெட்டியில் பழையது இருந்தால் பத்திரப்படுத்துங்கள், மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்துவிடாதீர்கள்.

அந்த இரண்டு நிமிடத்தில் என்ன சொல்வது?

எல்லாப் பொம்மையையும் விளக்க ஆசை வரும். அங்கேதான் பேச்சு கெடும். வந்தவர்கள் அன்று இன்னும் நாலு வீடு போக வேண்டியவர்கள். பெரியவர்கள் பார்வை வாசல் பக்கம் திரும்பினால் நீண்டுவிட்டது என்று அர்த்தம். மேலே கலசத்திலிருந்து தொடங்குவதும் சரிப்படாது. குழந்தைகளின் கண்மட்டத்தில் இருப்பது கீழ்ப்படி; அங்கிருந்து தொடங்கிக் கையால் காட்டிக்கொண்டே ஏறுங்கள். இப்படிச் சொல்லலாம்:

"எல்லாரும் வாங்க, உட்காருங்க. நம்ம வீட்டுக் கொலுவுக்கு நீங்க வந்ததுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். சுண்டல் வர்றதுக்குள்ள ஒரு விஷயம் சொல்லிடறேன், குழந்தைங்க முன்னாடி வந்துடுங்க. இந்தப் பூங்காவுல இருக்கிறது நிஜப் பயிர், தொட்டுப் பாருங்க. இதுக்குத் தொடு உணர்ச்சி மட்டும்தான். மேல சிப்பி, அதுக்குச் சுவையும் தெரியும். அடுத்தது எறும்பு, எங்க பையன் செஞ்சது, அதுக்கு வாசனையும் தெரியும். நண்டுக்குப் பார்வை, யானைக்குக் கேள்வி. செட்டியாருக்கு என்ன கூடுதல், சொல்லுங்க பார்க்கலாம்? ஆமா, மனசு! அந்த மனசைப் பக்குவப்படுத்தினவங்க அடுத்த படியில. எல்லாத்துக்கும் மேல அம்பாள். அவளும் இதே மண்ணுதான். பக்கத்துல இருக்கிற மரப்பாச்சி எங்க அம்மா கல்யாணத்துக்கு வந்தது, கையில எடுத்துப் பாருங்க. யாராவது ஒரு பாட்டுப் பாடுங்க, சாப்பிட்டுட்டு, தாம்பூலம் வாங்கிட்டுத்தான் போகணும்."

அவ்வளவுதான்! நிதானமாகச் சொன்னாலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. "மனசு" என்ற விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள், எந்தக் குழந்தையாவது சொல்லும்வரை காத்திருங்கள். சொன்னபடியே, சுமங்கலி, கைம்பெண், ஆண், பெண் என்று பார்க்காமல் வந்த எல்லோருக்கும் தாம்பூலம் கொடுங்கள். அழைத்து உட்கார வைத்துவிட்டு ஒருவரை மட்டும் வெறுங்கையோடு அனுப்புவது வரவேற்பே ஆகாது.

மகாளய அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பு கேழ்வரகை ஊறப்போடுங்கள். அன்றைக்கே வீட்டுப் பிள்ளையிடம் கொஞ்சம் களிமண்ணைக் கொடுத்து எறும்பு செய்யச் சொல்லிவிடுங்கள். இந்த வருஷம் வரவேற்புப் பேச்சையும் அந்தப் பிள்ளையே பேசட்டும்.