காதல் மொழிகள்: கருத்தின் செல்வாக்கும் ஆய்வு முடிவுகளும்

காதல் மொழிகள் என்பது, மனிதர்கள் அன்பைக் காட்டும் வழிகள் ஐந்து என்றும், அவற்றுள் ஒன்றே ஒவ்வொருவருக்கும் முதன்மையானது என்றும் கூறும் ஒரு கருத்து. அமெரிக்காவின் வட கரோலினாவில் போதகராகவும் திருமண ஆலோசகராகவும் இருந்த கேரி சாப்மன் 1992-இல் வெளியிட்ட நூலில் இதை முன்வைத்தார். பாராட்டுச் சொற்கள், உடனிருந்து செலவிடும் நேரம், பரிசுகள், உதவிச் செயல்கள், தொடுகை ஆகியவையே அந்த ஐந்து. தம்பதியர் ஒருவர் மற்றவரின் முதன்மை மொழியில் அன்பு காட்டினால் இல்லறம் சிறக்கும் என்பது இதன் மையக் கூற்று.

செல்வாக்குக்கான காரணங்கள்

திருவரங்கத்தில் வாழும் ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் திருவெறும்பூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அதிகாலையில் தண்ணீர் பிடித்து வைப்பார், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார். ஆனால் வாய்விட்டு ஒரு நல்ல சொல் சொல்லமாட்டார். மனைவியோ, "ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொன்னீங்களா?" என்று கேட்கிறார். சாப்மனின் கருத்துப்படி இங்கே அன்புக்குக் குறைவில்லை, மொழிதான் வேறு. யார் மீதும் பழி போடாமல் மனத்தாங்கலைப் பேச இது வழி தருகிறது. இணையத்தில் சில நிமிடங்களில் முடியும் வினாப் பட்டியல், "என் மொழி இது" என்று எளிதில் சொல்லிக்கொள்ள ஒரு பெயரையும் தந்துவிடுகிறது. நூல் 2 கோடிப் படிகளுக்கு மேல் விற்றதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

ஒருவருக்கு ஒரே முதன்மை மொழியா?

எமிலி இம்பெட், ஹேயங் கிடியன் பார்க், ஏமி மியூஸ் ஆகிய கனடா ஆய்வாளர்கள் 2024-இல் இக்கருத்து தொடர்பான ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். ஐந்தையும் தனித்தனியே மதிப்பிடச் சொன்னால், பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் உயர்ந்த மதிப்பெண் தருகிறார்கள் என்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர். அப்படியானால் வினாப் பட்டியலில் மட்டும் ஒரு மொழி எப்படி முந்துகிறது?

விடை, கேள்வி கேட்கும் முறையில் இருக்கிறது. சாப்மனின் பட்டியலில் 30 இணைகள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஒவ்வொரு மொழியும் மற்ற நான்குடனும் மும்மூன்று முறை மோதுவதாகக் கொண்டால், ஒரு மொழி பெறக்கூடிய உச்ச மதிப்பெண் 12. மேற்சொன்ன மனைவி ஐந்து மொழிகளுக்கும் 5-க்கு 4.8, 4.7, 4.6, 4.5, 4.4 என மதிப்பு தருவதாகக் கொள்வோம். இவை ஏறத்தாழச் சமம். ஆனால் ஒவ்வோர் இணையிலும் சற்றே கூடுதலாகப் பிடித்ததை அவர் தேர்ந்தால், முடிவு 12, 9, 6, 3, 0 என வரும். கடைசி மொழி தனக்குத் தேவையே இல்லை என்று அவர் எண்ணிவிடக்கூடும். அது தொடுகையாக இருந்தால், கணவரும் அப்படியே நம்பி விலகியிருக்கலாம்.

ஐந்து மட்டும்தானா?

சாப்மன் இந்த ஐந்தையும் தம்மிடம் ஆலோசனைக்கு வந்த தம்பதியரைக் கவனித்துத் தொகுத்தார். பெரும்பாலும் ஒரே வகைச் சமயப் பின்னணி கொண்ட, மணமான இணையர்கள் அவர்கள். இந்தப் பட்டியலில் இல்லாத சிலவும் உறவுக்கு முக்கியம் என்று இம்பெட் குழுவினர் சுட்டுகின்றனர். துணைவரின் தனிப்பட்ட இலக்குகளுக்குத் துணைநிற்பது அவற்றுள் ஒன்று. திருமணத்துக்குப் பின் பி.எட். படிக்க விரும்பும் மனைவிக்காகக் கணவர் வீட்டாரிடம் வாதாடினால், அது ஐந்தில் எதிலும் சரியாக அடங்காது. ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் மறக்காத அன்பு அதுவாக இருக்கலாம்.

மொழி பொருந்தினால் மகிழ்ச்சியா?

இங்கு ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று இசையவில்லை. 2017-இல் பன்ட், ஹேசல்வுட் இருவரும் 67 இணையர்களிடம் செய்த ஆய்வில், முதன்மை மொழி ஒத்திருப்பது கூடுதல் மனநிறைவோடு தெளிவாகத் தொடர்புபடவில்லை. தன் நடத்தையைத் தானே சீர்செய்துகொள்ளும் இயல்பே அதைவிட முக்கியமாகத் தெரிந்தது. மாறாக, 2022-இல் 100 இணையர்களிடம் நடந்த வேறோர் ஆய்வு, பொருத்தம் கூடும்போது மனநிறைவும் கூடுவதாகக் கண்டது. ஆனால் அது ஒரே காலத்தில் எடுத்த அளவீடு. பொருத்தம் மகிழ்ச்சியைத் தந்ததா, மகிழ்ச்சியாக இருப்பவர்கள் துணைவர் விரும்பியதைச் செய்கிறார்களா என்பதை அதிலிருந்து பிரித்தறிய இயலாது.

மாற்று ஒப்புமை

அன்பை மொழியாக அல்லாமல் சரிவிகித உணவாகக் கருதலாம் என்று இம்பெட் குழுவினர் முன்மொழிகின்றனர். சோற்றில் பிரியம் உள்ளவருக்கும் பருப்பும் கீரையும் வேண்டும். எது பிடிக்கும் என்பதை விட, இப்போது எது குறைகிறது என்பதே இங்கு கேள்வி. அந்தக் குறை காலத்துக்குக் காலம் மாறும். பேறுகாலத்தில் உதவியும், துக்க வீட்டில் உடனிருப்பும், தோல்வியில் ஒரு நல்ல சொல்லும் தேவைப்படலாம். திருவரங்கத்துக் கணவர் தண்ணீர் பிடித்துவைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அதனுடன் அந்த ஒரு சொல்லையும் சேர்த்தால் போதும்.