மரக்காணத்தில் நின்றுபோன ஸ்கேன்: பூட்டா, சாவியா?

எடை மேடையை விட்டு லாரி இறங்கியதும் எடைச் சீட்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிடும். மரக்காணம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய அந்தச் சின்னக் கடையில், உப்பு வாரும் காலத்தில் இது தினசரிக் காட்சி. சீட்டை மெஷினின் கண்ணாடியில் வைத்து, திரையில் வியாபாரியின் பெயரைத் தொட்டால் போதும். கணினி தேவையில்லை, மெஷினே அதை மின்னஞ்சலில் அனுப்பிவிடும். வாட்ஸ்அப் படத்தை வெளியூர்க் கணக்கர் ஏற்பதில்லை. மின்னஞ்சலில் சீட்டு வந்தால்தான் உப்புக்குப் பணம் கிளம்பும்.

சென்ற மாதம் நான் போயிருந்த அன்று கடைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“ஜெராக்ஸ் எடுக்குது, பிரின்ட் வருது. மெயில் மட்டும் போக மாட்டேங்குது சார். மெஷின் பழசாயிடுச்சு, மாத்திடுங்கன்னு மெக்கானிக் சொல்லிட்டுப் போயிட்டாரு. இந்த சீசன்ல அவ்ளோ பணத்துக்கு நான் எங்க போவேன்?”

மெஷினை மாற்ற வேண்டியிருக்கவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அதைத் தேடிப் போனபோது, நின்றுபோன ஸ்கேனைவிடப் பெரிய கவலை ஒன்று கண்ணில் பட்டது.

மெஷின் சொல்லாததை எண் சொல்லும்

ஸ்கேன் செய்த தாளை அனுப்பும்போது மெஷின் இரண்டு சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். முதலில், எந்த முறையில் பேச்சை மறைத்துப் பேசுவது என்று மின்னஞ்சல் சர்வரோடு ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த முறைக்குப் பெயர்தான் டிஎல்எஸ். அதன்பிறகே கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் நீட்ட முடியும். முதலாவது பூட்டு, இரண்டாவது சாவி. எது மாறினாலும் மெஷினின் திரையில் தெரிவது ‘அனுப்ப முடியவில்லை’ என்கிற ஒரே வரிதான்.

பெரும்பாலான மெஷின்களுக்குள் ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. மெஷினின் ஐபி எண்ணைக் கணினியின் பிரவுசரில் அடித்தால் அது திறக்கும். அனுப்பிய வேலைகளின் பதிவு அங்கே கிடைக்கும். கடைக்காரரின் மெஷினில் அந்தப் பதிவைத் திறந்தோம். கடைசி இருபது வேலைகளுக்கும் எதிரே ஒரே பதில்:

```
535-5.7.8 Username and Password not accepted
```

இந்த எண்ணே பாதி வழக்கைத் தீர்த்துவிட்டது. 535 என்று சர்வர் பதில் சொல்கிறதென்றால், மெஷின் அதன் வாசல்வரை போய்விட்டது, பூட்டு திறந்துவிட்டது, நீட்டிய சாவிதான் செல்லவில்லை என்று பொருள். 534 என்று தொடங்கும் பதில் வந்தால் சர்வர் பெரும்பாலும் இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது: சாதாரண பாஸ்வேர்டு வேண்டாம், ஆப் பாஸ்வேர்டு கொண்டுவா. இந்த இரண்டு எண்களும் இல்லாமல் பேச்சு பாதியில் அறுந்திருந்தால்தான் பூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

பதினாறு எழுத்துச் சாவி

கடைக்காரர் பயன்படுத்துவது ஜிமெயில். இந்தக் கடையில் ஸ்கேன் நிற்பது இது முதல் தடவையும் அல்ல. 2022 மே 30-இல் இருந்து தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், பெயரும் சாதாரண பாஸ்வேர்டும் மட்டும் கொடுத்து நுழையும் வழி மூடப்பட்டது. அலுவலகக் கணக்குகளுக்கு அதே கதவு 2025 மே மாதத்தில் சாத்தப்பட்டது. 2022-இல் ஸ்கேன் நின்றபோது, திண்டிவனத்தில் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி மெஷினில் போட்டுக் கொடுத்திருக்கிறான். அது இத்தனை நாள் ஓடியது. இப்போது ஏன் நின்றது?

“இடையில மெயில் பாஸ்வேர்டை மாத்தினீங்களா?” என்று கேட்டேன். யோசித்தார். பத்து நாளுக்கு முன்னால் போன் தொலைந்துபோனதாம். பயந்துபோய் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். செய்தது சரியான காரியம்தான். ஆனால் ஜிமெயில் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் அதுவரை கொடுத்த ஆப் பாஸ்வேர்டுகள் அத்தனையும் ரத்தாகிவிடும். மெஷின் செல்லாத சாவியை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. மெக்கானிக் மெஷினைப் பார்த்தார், கணக்கைப் பார்க்கவில்லை.

சரிசெய்ய கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு போனுக்கும் ஒரு கேள்வி வரும் ஏற்பாடு, இயங்க வேண்டும். அது இல்லாமல் ஆப் பாஸ்வேர்டு கிடைக்காது. பிறகு myaccount.google.com/apppasswords என்ற பக்கத்துக்குப் போய், மெஷினுக்கென்று ஒரு பெயர் கொடுத்தால் பதினாறு எழுத்துகள் திரையில் வரும். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுவது நம் கண்ணுக்காக. மெஷினில் இடைவெளி விடாமல் அடிப்பது நல்லது. அந்தத் திரையை மூடினால் மறுபடி பார்க்க முடியாது, புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். மெஷினில் சர்வர் பெயர் smtp.gmail.com, போர்ட் 587, பாதுகாப்பு முறை STARTTLS. போர்ட் 465 என்று வைத்தால் முறையை SSL/TLS என்று மாற்ற வேண்டும். இந்த ஜோடியை மாற்றிப் போட்டுவிட்டு சாவியைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

எடைச் சீட்டு ஒன்றை வைத்து அனுப்பினோம். போய்விட்டது.

பூட்டே மாறிய கதை

அதே ஊரில் ஓர் உப்பு வியாபாரியின் அலுவலகத்தில் நிலைமை வேறு. அவர்களுடைய மின்னஞ்சல் வேறொரு நிறுவனத்தினுடையது. மூன்று தடவை பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். பதிவைத் திறந்தால் 535 இல்லை, 534 இல்லை, இணைப்பு அறுந்தது என்று மட்டும் இருந்தது.

முதலில் மெஷினின் தேதியைப் பார்த்தோம். உள் பேட்டரி செத்து, மின்வெட்டில் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால் சர்வரின் சான்றிதழ் செல்லாதது போலத் தோன்றி இணைப்பு அறுபடும். தேதி சரியாகவே இருந்தது. அடுத்து, அலுவலகக் கணினியிலிருந்து சர்வரையே கேட்டோம். ஜிமெயிலாக இருந்தால் கேள்வி இப்படி இருக்கும். மற்றவர்கள் சர்வர் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்:

```
openssl s_client -starttls smtp -connect smtp.gmail.com:587 -tls1_2
```

பதிலில் `TLSv1.2` என்ற சொல்லும், கடைசியில் 250 என்று தொடங்கும் வரியும் வந்தால் இணைய இணைப்பும் சர்வரும் நலம். அங்கே வந்தது. ஆக, குறை மெஷினில். அதன் அமைப்புப் பக்கத்தில் டிஎல்எஸ் 1.0 மட்டுமே இருந்தது.

டிஎல்எஸ் 1.0 பிறந்த வருடம் 1999. அதில் கண்ட ஓட்டைகளுக்காக 1.2 வந்தது 2008-இல். 2021 மார்ச்சில், இணையத்தின் விதிகளை எழுதும் பொறியாளர் அமைப்பு 1.0-ஐயும் 1.1-ஐயும் இனிப் பயன்படுத்தக் கூடாது என்று முறைப்படி அறிவித்தது. மின்னஞ்சல் சேவைகள் ஒவ்வொன்றாகப் பழைய பூட்டைக் கழற்றத் தொடங்கின. சில சர்வர்கள் `421 4.7.66` என்ற எண்ணோடு காரணத்தையும் சொல்லிவிட்டு மூடும். சில ஒன்றும் சொல்லாமல் அறுத்துவிடும். இந்த நிலையில் எத்தனை ஆப் பாஸ்வேர்டு போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் பேச்சு சாவிவரை போவதே இல்லை. மெஷின் தயாரிப்பாளர் புதிய ஃபர்ம்வேர் வெளியிட்டிருந்தால் அதை ஏற்றினால் 1.2 வரும். இந்த மெஷினுக்கு அது வெளிவரவில்லை. ஸ்கேனைப் பென் டிரைவில் எடுத்து, கணினியிலிருந்து அனுப்பும் வழிக்கு அலுவலகம் மாறிவிட்டது.

சிறு கடைகளைச் சொல்லாமல் கொள்ளாமல் தவிக்கவிடுகிறார்கள் என்று வியாபாரிகள் கோபப்படுகிறார்கள். கடையில் ஒருநாள் நின்றால் அந்தக் கோபம் புரியும். ஆனாலும் பூட்டை இறுக்கியது சரி. ஏன் என்பதை அந்த ஜெராக்ஸ் கடையே எனக்குக் காட்டியது.

அனுப்பிய பெட்டிக்குள் ஊரே இருக்கிறது

மெஷின் வேலை செய்கிறதா என்று உறுதி செய்ய, கடைக்காரரின் ஜிமெயிலில் ‘அனுப்பியவை’ பெட்டியைத் திறந்தோம். நாங்கள் அனுப்பிய எடைச் சீட்டு இருந்தது. அதற்குக் கீழே ஆதார் அட்டை. அதற்குக் கீழே வங்கிப் பாஸ்புக். உருட்ட உருட்ட முடிவே இல்லை. மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கி வேலை இல்லாத மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. நிவாரணமோ, கடனோ, பள்ளிச் சேர்க்கையோ, எதற்குத் தாள் கேட்டாலும் மக்கள் இந்தக் கடைக்குத்தான் வருகிறார்கள். ஜிமெயில் சர்வர் வழியாக மெஷின் அனுப்பும் ஒவ்வொரு மடலுக்கும் ஒரு நகல் அந்தக் கணக்கிலேயே தங்கிவிடும். கடைக்காரருக்கு அது தெரியாது. தாளைக் கொடுத்துவிட்டு வெயிலில் நடந்துபோன அம்மாக்களுக்கும் தெரியாது.

அன்று உருவாக்கிய பதினாறு எழுத்துகளோ அதற்குள் மெஷினின் மூடியில் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருந்தன.

ஆப் பாஸ்வேர்டு மெஷினுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதை வைத்திருப்பவர் எந்த மின்னஞ்சல் செயலியிலும் அதைப் போட்டு, அந்தக் கணக்கின் மொத்த மடல்களையும் படிக்கலாம். போனுக்குக் கேள்வி வராது. கேள்வி கேட்காமல் விடுவதற்குத்தானே அந்தச் சாவி. கடைக்காரருக்கு அது தன் சொந்தக் கணக்கு, மகளின் கல்லூரிக் கடிதங்களும் அதில்தான்.

இன்னொன்றும் பார்த்தேன். இந்த மெஷின் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முகவரிப் பட்டியலில் முந்தைய உரிமையாளரின் ஆட்கள் இன்னும் இருந்தார்கள். நாளை இவர் விற்றால் இவருடைய சாவியும் அதே வழியில் போகும்.

அன்று மாலை நாங்கள் செய்தது இதுதான். மெஷினுக்கென்றே தனியாக ஒரு புதிய கணக்கு, அதில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதற்கொரு ஆப் பாஸ்வேர்டு. பழைய கணக்கில் கொடுத்திருந்ததை ரத்து செய்தோம். புதிய கணக்கின் அனுப்பியவை பெட்டியை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலி செய்து, குப்பைப் பெட்டியையும் காலி செய்வதாகக் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். மெஷினை விற்கும் நாளில் முகவரிப் பட்டியலையும் சர்வர் விவரங்களையும் அழித்து, அதன் ஆப் பாஸ்வேர்டையும் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். மூடியில் இருந்த ஸ்டிக்கரை அவரே உரித்தார்.

ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், சிறு அலுவலகம் எது வைத்திருந்தாலும், உங்கள் மெஷின் எந்தக் கணக்கிலிருந்து அனுப்புகிறது என்று இன்றைக்கே பாருங்கள். அதன் அனுப்பியவை பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பவை உங்கள் தாள்கள் அல்ல. உங்களை நம்பிக் கொடுத்தவர்களுடையவை.