இரவெல்லாம் சார்ஜரிற் கிடக்கும் கைத்தொலைபேசி

ஆவணித் திருவிழாவுக்கு மடுத் திருப்பதிக்கு வந்து, மரநிழலிற் கூடாரமடித்துத் தங்கும் குடும்பங்களிடையே இந்நாளிற் காணக்கூடிய காட்சியொன்றுண்டு. எங்கிருந்தோ இழுத்துவந்த ஒரே வயரின் முனையில் ஐந்தாறு சார்ஜர்கள் நெருக்கிச் செருகப்பட்டிருக்கும். கைத்தொலைபேசிகள் பாயின்மேல் வரிசையாய்க் கிடக்கும். “விடியும்வரை விட்டால் பற்றரி வெடித்துவிடாதா?” என்று பாட்டி வினவுவார். “தொலைபேசியைக் கழற்றினாற் போதுமா, சார்ஜரையும் கழற்ற வேண்டுமா?” என்பது தாயாரின் கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே.

தாயாரின் கேள்வியை முதலிற் பார்ப்போம். தொலைபேசி இணைக்கப்படாத சார்ஜரும் சிறிதளவு மின்சாரத்தை உண்ணத்தான் செய்கிறது. எவ்வளவு? ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, 2020ஆம் ஆண்டு முதல், இத்தகைய சிறு சார்ஜர்கள் வெறுமனே இருக்கையில் 0.1 வாற்றுக்கு மேற் கொள்ளலாகாது என்கிறது. அத்தகையதொன்றை ஆண்டு முழுவதும் சுவரில் விட்டுவைத்தால், 8,760 மணி நேரத்திற்கு 876 வாற்று-மணி செலவாகும். அதாவது ஒரு யூனிற்றுக்கும் குறைவு. 10 வாற்று மின்குமிழொன்றை இரவுதோறும் ஐந்து மணி நேரம் எரித்தால், பதினெட்டே நாட்களில் அவ்வளவு தீர்ந்துவிடும். பழைய சார்ஜர் இதனினும் இருமடங்கோ மும்மடங்கோ உண்ணலாம். அப்போதும் மின்கட்டணத்தில் அது தெரியாது.

ஆயினும் அதைக் கழற்றிவைக்கச் சொல்வேன், காரணம் வேறு. நம் நாட்டிற் சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடியும் மின்னலும் மிகும். கம்பி வழியே வரும் மின்னலின் வீச்சு சுவரிற் செருகியுள்ள பொருளையே முதலிற் தாக்கும். சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. சுவிட்சினுள் இருக்கும் சிறு இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். ஆகவே மழை கறுக்கத் தொடங்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இடி தலைக்குமேல் வந்தபின் பிளக்கிற் கைவைப்பது நன்றன்று.

இனிப் பாட்டியின் அச்சம். சார்ஜர் என்ற பெயர் நம்மை ஏமாற்றுகிறது. சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்சாரத்தை ஐந்து வோல்ற்று அளவுக்குத் தாழ்த்திக் கொடுப்பதே அதன் முதன்மையான தொழில். பற்றரிக்குள் எவ்வளவு செலுத்துவது, எப்போது நிறுத்துவது என்பவற்றைத் தொலைபேசிக்குள் இருக்கும் சுற்றே தீர்மானிக்கிறது. இலிதியம் பற்றரி ஏறத்தாழ 4.2 முதல் 4.4 வோல்ற்றை எட்டியதும் அச்சுற்று மின்னோட்டத்தைப் படிப்படியாய்க் குறைத்து, ஈற்றில் நிறுத்திவிடும். இரவு பத்து மணிக்குச் செருகிய தொலைபேசி பன்னிரண்டுக்கு நிறைந்துவிட்டால், அதன்பின் விடியும்வரை பற்றரிக்குள் மின்சாரம் ஓயாது பாய்வதில்லை. சிறிது குறைந்தால் மட்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளும். குடம் நிறைந்து வழிவது போன்ற கதை இங்கில்லை.

எனினும் ஒரு நட்டமுண்டு. நிறைந்த நிலையில், வெப்பத்தில், நெடுநேரம் இருக்கும் பற்றரி விரைவில் மூப்படையும். மன்னார்ப் பகுதியின் புழுக்கத்தில் இது பொருட்படுத்த வேண்டிய விடயமே. புதிய தொலைபேசிகள் பலவற்றில் எண்பது விழுக்காட்டோடு நிறுத்தும் ஏற்பாடு உண்டு. அமைப்புகளிற் பற்றரிப் பகுதியைத் திறந்து அதை இயக்கிவிடலாம்.

ஆபத்துக்கு மூலம் இரவன்று, வெப்பம். சார்ஜாகும்போது தொலைபேசி சூடாவது இயல்பு. அச்சூடு வெளியேற வழி வேண்டும். தலையணையின்கீழும் மெத்தைமேலும் வைத்தால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். சீமெந்துத் தரையோ மேசையோதான் தக்க இடம். சார்ஜரையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கைவைக்க முடியாத சூடு, கருகல் மணம், நிறம் மாறிய பிளக் முள், ஆட்டினாற் பொறி பறத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும். மலிவான போலிச் சார்ஜர்களில் 230 வோல்ற்றுப் பகுதிக்கும் ஐந்து வோல்ற்றுப் பகுதிக்குமிடையே போதிய காப்பிடைவெளி இராமையும் உண்டு. இரவிற் கழற்றி வைப்பதால் மட்டும் அக்குறை நீங்காது.

பற்றரியே பழுதாயிருந்தால் நல்ல சார்ஜராலும் பயனில்லை. 2016இல் சாம்சுங் நிறுவனம் தன் கலக்சி நோட் 7 தொலைபேசிகளைத் திரும்பப் பெற்று, உற்பத்தியையே நிறுத்தியது. தீப்பற்றியமைக்குக் காரணம் பற்றரியின் உள்ளமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த குறைகள் என 2017 தையில் அந்நிறுவனமே அறிவித்தது.

நம் வீட்டுத் தொலைபேசியில் இதை அறிய எளிய வழியுண்டு. அதை மேசைமேல் மல்லாத்தி வைத்து மூலையொன்றை அழுத்துங்கள். முன்னர் அசையாதிருந்தது இப்போது ஊஞ்சல்போல ஆடினாலோ, திரையின் விளிம்பு மேலெழும்பியிருந்தாலோ, உள்ளே பற்றரி வீங்கிவிட்டதென்று கொள்க. அதை ஒருபோதும் சார்ஜ் செய்யலாகாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. அணைத்து, எரியும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்துப் பழுதுபார்ப்பவரிடம் சேர்ப்பியுங்கள்.