ஒரு முறை ‘அப்ரூவ்’ அழுத்திய பிறகு

நள்ளிரவு நெருங்குகிறது. அலுவலகக் கணக்கில் யாரோ நுழையப் பார்ப்பதாகக் கைபேசி சொல்கிறது. அனுமதிக்கவா, மறுக்கவா என்று கேட்கிறது. மறுக்கிறோம். அடுத்த நிமிடமே அதே கேள்வி மறுபடி வருகிறது. மறுக்க மறுக்க வந்துகொண்டே இருக்கிறது. தூக்கக் கலக்கத்திலோ, தொல்லை விட்டால் போதும் என்றோ, ஒரு தடவை விரல் ‘அப்ரூவ்’ மேல் பட்டுவிடுகிறது. உடனே கைபேசி அமைதியாகிவிடுகிறது. ஏதோ கோளாறு, சரியாகிவிட்டது என்று நினைத்துத் தூங்கப் போய்விடுகிறோம். ஆனால் கேட்டவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கேள்வி நின்றதற்கு அதுதான் காரணம்.

இப்படிக் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பிச் சலிக்க வைப்பதை ‘புஷ் பாம்பிங்’ என்கிறார்கள். பெரும்பாலான அலுவலகங்களில் பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டால்தான் இந்தக் கேள்வியே கைபேசிக்கு வரும். அப்படியென்றால் முதல் கேள்வி வந்தபோதே பாஸ்வேர்டு வெளியே போயிருந்தது என்று அர்த்தம். எத்தனை முறை மறுத்திருந்தாலும் அந்த பாஸ்வேர்டு இனி உதவாது.

2022 மே மாதம் சிஸ்கோ நிறுவனத்தில் நடந்ததைப் பார்த்தால், அனுமதி கிடைத்ததும் என்ன நடக்கும் என்று புரியும். ஓர் ஊழியரின் சொந்த கூகுள் கணக்கு முதலில் பறிபோனது. அவர் அலுவலக பாஸ்வேர்டை குரோம் ப்ரவுசரில் சேமித்து, கூகுள் கணக்கோடு இணைத்து வைத்திருந்தார். அதனால் அதுவும் சேர்ந்து போனது. பிறகு, நம்பகமான நிறுவனங்களின் உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி அவருக்குப் போன் மேல் போன் வந்தது. கூடவே புஷ் கேள்விகளும் வந்தன. கடைசியில் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது.

உள்ளே வந்த ஹேக்கர் செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்காகப் புதிய சாதனங்களை அந்த ஊழியரின் பெயரில் அவர் பதிவு செய்துகொண்டார். அதன்பின் ஊழியரின் கைபேசியை நம்பியிருக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. சிஸ்கோவின் விபிஎன் வழியாக நுழைந்தார், நிர்வாகி அதிகாரம் பெற்றார், பல கணினிகளில் லாகின் செய்தார். அந்த நடமாட்டம்தான் பாதுகாப்புக் குழுவை உஷார்ப்படுத்தியது.

இந்த இடத்தில் பல அலுவலகங்கள் சறுக்குகின்றன. தகவல் வந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். பொருட்காட்சி வாசலில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கையில் முத்திரை குத்துவார்கள். அதன்பிறகு முத்திரையைக் காட்டினாலே போதும், டிக்கெட்டை யாரும் கேட்கமாட்டார்கள். சர்வரும் அப்படித்தான். பாஸ்வேர்டும் அனுமதியும் சரியாக இருந்தால் அந்த ப்ரவுசருக்கு ஒரு டோக்கன் தருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் நேரடி அணுகலுக்கான டோக்கன் வழக்கமாக 60 முதல் 90 நிமிடம் வரை செல்லும். அது தீர்ந்ததும் புதிதாக ஒன்றை வாங்கித் தரும் புதுப்பிப்பு டோக்கனுக்கோ 90 நாள் ஆயுள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றி, ஏற்கெனவே கொடுத்த டோக்கன்களை ரத்து செய்யாமல் விட்டால், ஹேக்கர் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம்.

அதனால் முதலில் கணக்கையே முடக்க வேண்டும். அடுத்து அந்தக் கணக்கின் எல்லா செஷன்களையும் ரத்து செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டின் நிர்வாகப் பக்கத்தில் Revoke sessions என்ற பொத்தானே இருக்கிறது. ஆனால் அதை அழுத்தியவுடன் எல்லாம் அறுந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. கையிலிருக்கும் அணுகல் டோக்கன் சில செயலிகளில் தன் நேரம் முடியும்வரை வேலை செய்யக்கூடும். ஏற்கெனவே திறந்திருக்கும் விபிஎன் இணைப்புக்கு இந்த ரத்து எட்டாமலே போகலாம். அதை விபிஎன் சர்வரிலேயே தனியாகத் துண்டிக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் பாஸ்வேர்டைத் தொட அவசரப்படக் கூடாது. சரிபார்ப்புக்காகப் பதிவாகியிருக்கும் கைபேசிகள், எண்கள் எல்லாவற்றையும் முதலில் நீக்க வேண்டும். பல நிறுவனங்களில் பாஸ்வேர்டு மறந்துபோனால், பதிவான கைபேசியைக் கொண்டு ஊழியரே புதிதாக வைத்துக்கொள்ளலாம். ஹேக்கரின் கைபேசி அந்தப் பட்டியலில் இருந்தால், நாம் மாற்றிய பாஸ்வேர்டை அவர் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். பட்டியலைக் காலி செய்து, பாஸ்வேர்டை மாற்றி, ஊழியரை நேரிலோ முகம் தெரியும் வீடியோ அழைப்பிலோ உறுதி செய்துகொண்டு, அவருடைய கைபேசியை மறுபடி பதிவு செய்வதுதான் சரியான வரிசை.

அடுத்தது பதிவேடுகளைப் படிப்பது. மறுப்பு, மறுப்பு, மறுப்பு, பிறகு ஒரு வெற்றி என்று லாகின் வரலாறு தன் கதையைத் தானே சொல்லும். அந்த வெற்றியின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிந்தைய ஒவ்வொரு அசைவையும் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தணிக்கைப் பதிவில் User registered security info என்ற வரி அந்த நேரத்தையொட்டி இருந்தால், சிஸ்கோவில் நடந்ததுபோலப் புதிய சாதனம் நுழைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மின்னஞ்சலை வெளி முகவரிக்குத் திருப்பும் விதியோ, ஐடி பிரிவின் எச்சரிக்கைகளைச் சத்தமில்லாமல் அழிக்கும் விதியோ புதிதாக முளைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். கணக்கைப் படிக்க ஏதாவது வெளிச் செயலிக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். பாஸ்வேர்டு மாறினாலும் அந்த அனுமதி பிழைத்திருக்கும். வெற்றி பெற்ற ஐபி முகவரியிலிருந்து வேறு ஊழியர்களின் கணக்குகளுக்கும் முயற்சி நடந்ததா என்று பார்க்காமல் கோப்பை மூடக் கூடாது.

இவ்வளவும் அந்த ஊழியர் வாய் திறந்தால்தான் சீக்கிரம் தொடங்கும். அவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வந்த அறிவிப்புகளை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஐடி பிரிவை உடனே கூப்பிட வேண்டும், நள்ளிரவாக இருந்தாலும். கூப்பிடும் எண் அடையாள அட்டையிலோ அலுவலகக் கையேட்டிலோ உள்ளதாக இருக்க வேண்டும்; சற்றுமுன் நம்மை அழைத்த எண்ணாக இருக்கக் கூடாது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் ஓர் ஒப்பந்ததாரரின் கணக்கு வழியாக இதே முறையில் நுழைந்தவர், ஊபர் ஐடி பிரிவு என்று சொல்லி அவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியதாகப் பிறகு சொல்லிக்கொண்டார்.

அழுத்தியவரைத் திட்டும் அலுவலகத்தில் அடுத்தவர் விடியும்வரை காத்திருப்பார், அல்லது சொல்லாமலே விட்டுவிடுவார். ‘நான் ஒன்றை அழுத்திவிட்டேன்’ என்று அரை மணி நேரத்தில் வரும் போன் எந்தக் கருவியும் தராத எச்சரிக்கை. அதைச் சொன்னவருக்கு நன்றிதான் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

லாகின் திரையில் தெரியும் இரண்டு இலக்க எண்ணைக் கைபேசியில் தட்டச் சொல்லும் முறையை மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதம் தன் புஷ் அறிவிப்புகளுக்குக் கட்டாயமாக்கியது. தூக்கக் கலக்கத்தில் தவறி அழுத்துவதை இது பெரிதும் தடுக்கும். ஆனால் போனில் பேசுபவர் எண்ணையும் சொல்லி, ‘இதைத் தட்டுங்கள்’ என்றால் இது நிற்காது. கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவியில் அனுமதி கேட்கும் புஷ்ஷே கிடையாது. நிர்வாகிகளுக்காவது முதலில் அதைத் தர வேண்டும்.

சிஸ்கோ ஹேக்கரை வெளியேற்றியது. பாஸ்வேர்டுகளை நிறுவனம் முழுக்க மாற்ற வைத்தது. அதன்பிறகும் பல வாரங்களுக்கு அவர் திரும்ப நுழைய முயன்றார், முடியவில்லை. அப்போது அவர் குறிவைத்தது, கட்டாய மாற்றத்தின்போது பழைய பாஸ்வேர்டில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் மாற்றியிருக்கக்கூடிய ஊழியர்களை. கணக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது, புதிய பாஸ்வேர்டு பழையதன் சாயலில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். அந்தக் கணக்கை அடுத்த சில வாரங்களுக்குத் தனிக் கண்காணிப்பில் வைத்திருக்கவும் வேண்டும்.