பதிப்பு இரண்டுக்கு மாறினால் பழைய கோப்பு என்னவாகும்?

கணினியில் நாம் பயன்படுத்தும் சின்னச் சின்ன மென்பொருள்களுக்குப் புதிய பதிப்பு வரும்போது, என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு வெளியீட்டுக் குறிப்பும் கூடவே வரும். அதைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. ஆனால் புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண் 1-லிருந்து 2 ஆகிறது என்றால் படித்துவிடுவது நல்லது. புது வசதிகளின் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தேட வேண்டியது, நாம் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் கோப்பின் கதி என்ன என்பதைத்தான்.

கீபாஸ் இதற்கு நல்ல உதாரணம். ஜெர்மனியைச் சேர்ந்த டொமினிக் ரைஷல் உருவாக்கிய இந்த இலவச மென்பொருள், நம் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரே கோப்பில் பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டுக்குரிய ஒரே ஒரு பாஸ்வேர்டை மட்டும் நாம் நினைவில் வைத்திருந்தால் போதும். இதன் முதல் வரிசை 2003-இல் வந்தது. 2.x என்ற இரண்டாவது வரிசை பெயரில்தான் அதன் தொடர்ச்சி. உள்ளே புதிதாக எழுதப்பட்டது. கோப்பின் அமைப்பும் மாறிவிட்டது. முதல் வரிசை .kdb என்று முடியும் கோப்பில் சேமிக்கும், இரண்டாவது.kdbx கோப்பில் சேமிக்கும்.

இதைக் காரணமில்லாமல் மாற்றவில்லை. பழைய அமைப்பில் ஒவ்வொரு கணக்குக்கும் பெயர், பாஸ்வேர்டு, முகவரி, குறிப்பு என்று வரையறுத்த இடங்கள்தான் உண்டு. இணைக்க முடிவதும் ஒரே ஒரு கோப்பு. வங்கிக் கணக்கு ஒன்றுக்கு வாடிக்கையாளர் எண், பரிவர்த்தனைப் பாஸ்வேர்டு என்று கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் எல்லாவற்றையும் குறிப்புப் பகுதியில்தான் எழுதியாக வேண்டும். புதிய அமைப்பில் வேண்டிய இடங்களை நாமே சேர்த்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டை மாற்றினால் முந்தையதும் அந்தக் கணக்கின் வரலாற்றில் இருக்கும்.

மாறும் வழி எளிது. 2.x-இல் முதலில் புதிய கோப்பு ஒன்றை உருவாக்க வேண்டும். பிறகு File மெனுவில் Import போய், KeePass KDB (1.x) என்பதைத் தேர்ந்தெடுத்து, பழைய கோப்பைக் காட்டி, அதன் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். கணக்குகள் வந்து சேர்ந்ததும் மறக்காமல் சேமிக்க வேண்டும். இதில் பழைய கோப்பு அப்படியே இருக்கும். அதிலிருந்து ஒரு நகல்தான் எடுக்கப்படுகிறது. அபாயம் தொடங்குவதும் இந்த இடத்தில்தான்.

ஒரு குடும்பத்தில் வீட்டுக் கணினியை 2.x-க்கு மாற்றிவிட்டார்கள், கடையில் இருக்கும் கணினியில் இன்னும் 1.x ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா கடையில் மின்கட்டணக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி .kdb கோப்பில் சேமிக்கிறார். மகள் வீட்டில் புது மின்னஞ்சல் கணக்கை .kdbx கோப்பில் சேர்க்கிறாள். இரண்டு மென்பொருளும் எந்த எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் இருவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. சில வாரங்கள் கழித்து மகள் மின்கட்டணம் கட்டப்போகும்போதுதான், வீட்டுக் கோப்பில் இருப்பது பழைய பாஸ்வேர்டு என்று தெரியவரும். இப்படிப் பிரிந்துபோன இரண்டையும், எது எப்போது மாறியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்ப்பது பெரிய வேலை.

இதைக் கண்டுபிடிக்கவிடாமல் விண்டோஸும் தடுக்கிறது. கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை அது வழக்கமாக மறைத்தே வைத்திருக்கும். அதனால் ஒரே பெயரில் இருக்கும் இரண்டு கோப்புகளும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். விண்டோஸ் 11-இல் View, Show, File name extensions என்ற வரிசையில் போய் அதைக் காட்டச் செய்யலாம். பிறகு இரண்டும் கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பாருங்கள். இறக்குமதி செய்த நாளுக்குப் பிந்தைய தேதி .kdb கோப்பில் இருந்தால், யாரோ இன்னும் அதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே வீட்டில் உள்ள எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதுதான் சரி. புதிய கோப்பை மூடித் திறந்து, சில கணக்குகளையும் இணைப்புகளையும் சரிபார்த்தபின், .kdb கோப்பைப் பென்டிரைவுக்கு நகர்த்திவிடலாம். உடனே அழித்துவிட வேண்டாம்.

புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணிலும் சில சமயம் இதே விஷயம் ஒளிந்திருக்கும். 2017-இல் வந்த 2.35 பதிப்பில் கோப்பு .kdbx என்றேதான் இருந்தது. ஆனால் உள்ளே KDBX 4 என்ற புதிய அமைப்பு வந்தது. Argon2 என்ற வலுவான பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தவர்களின் கோப்பை, அப்டேட் ஆகாத பழைய செயலிகளால் திறக்க முடியவில்லை. கோப்பின் பெயரைப் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பதிப்பின் குறிப்பில்தான் இருந்தது. போனிலும் அதே கோப்பைத் திறப்பவர்கள், அந்த அமைப்பை மாற்றும் முன் போனில் உள்ள செயலி KDBX 4-ஐ ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.